ஒரே முதல் வரி, மாறாத அமைப்பு: வாய்க்கால் பெயர்த் தொடருக்கு எதை வைப்பது?

கோரையாற்றங்கரை

மன்னார்குடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நம் பகுதி ஆறுகள், வாய்க்கால்களின் பெயர்களை வைத்து ஒரு நிமிட வீடியோக்கள் போட ஆரம்பித்திருக்கிறேன். ஒரு வீடியோவுக்கு ஓர் இடம். இதுவரை நான்கு போட்டாயிற்று. முதல் வீடியோவைப் பலர் கடைசி வரை பார்த்தார்கள், அடுத்த மூன்றையும் பாதிப் பேர் மூன்றாவது விநாடியிலேயே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைவிட எனக்குக் கவலை, நான்கும் ஒரே தொடர் என்று யாருக்கும் தெரியவில்லை என்பதுதான். கருத்து எழுதியவர்களில் ஒருவர்கூட முந்தையதைப் பற்றிப் பேசவில்லை.

ஒவ்வொன்றும் ஒரே வரியில் தொடங்க வேண்டும், பார்த்தவுடன் "அந்தத் தொடர்" என்று தெரிய வேண்டும், நானும் ஒவ்வொரு வாரமும் புதிதாக யோசிக்காமல் எடுக்க முடிய வேண்டும். மூன்று வரிகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: "வணக்கம் மக்களே, இன்னிக்கு நாம பார்க்கப்போறது நம்ம டெல்டாவோட இன்னொரு வாய்க்கால்."
இரண்டு: "கல்லணையில பிரிஞ்ச தண்ணி, இன்னிக்கு இங்க நிக்குது."
மூன்று: "இந்த ஆத்துக்கு இந்தப் பேர் எப்படி வந்துச்சு தெரியுமா?"

எதை எடுக்கலாம்? வரிக்குப் பிறகு எது நிலையாக இருக்க வேண்டும், எது மாறலாம்?

ரீல்ஸ் தஞ்சை

முதல் இரண்டு விநாடிதான் எல்லாம். ஒன்றாவது வரி உடனே வேண்டாம், வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஆள் போய்விடுவான். ஆனால் ஒரே வரியை எல்லா வீடியோவுக்கும் வைப்பதே தப்பு என்பது என் கருத்து. ஏற்கெனவே கேட்டது என்று தெரிந்ததும் விரல் மேலே போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக, அதிர்ச்சியாக ஏதாவது சொல்லுங்கள். தொடர் என்று தெரிவதற்கு ஒரு லோகோவும் ஒரே எழுத்துருவும் போதும். இப்போது ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போடலாம், அதனால் நேரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம்.

மாயவரத்தான்

நானும் தொடர் எழுதுகிறவன், அதனால் சொல்கிறேன். தொடக்கத்தைவிட முடிவுதான் முக்கியம். ஒவ்வொரு பகுதியையும் ஒரு மர்மத்தோடு நிறுத்துங்கள். "அந்த மதகை அன்றிரவு திறந்தது யார்?" என்று முடித்தால் அடுத்த வாரம் வந்தே தீருவார்கள். என் தொடர்கதையில் 14 அத்தியாயம் வரை அப்படித்தான் கொண்டுபோனேன்.

பழைய கேமரா, கும்பகோணம்

மாயவரத்தான் தம்பி, நீங்கள் சொல்வது தொடர்கதைக்கு. அவர் கேட்பது வேறு. ஏழாவது வீடியோவை முதலில் பார்ப்பவருக்கும் அது முழுதாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு நிமிட வீடியோக்களை யாரும் வரிசையாகப் பார்ப்பதில்லை, எது முன்னால் வந்து விழுகிறதோ அதைத்தான் பார்க்கிறார்கள். இதற்கு நல்ல மாதிரி வேதாளக் கதை. விக்கிரமாதித்தன் மரத்தில் ஏறி உடலை இறக்கித் தோளில் போடுகிறான், வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது, அவன் பதில் சொல்கிறான், அது மறுபடி மரத்துக்கே போய்விடுகிறது. முடியும் இடமும் தொடங்கும் இடமும் ஒன்று. அதனால் எந்தக் கதையை எந்த வரிசையில் கேட்டாலும் நஷ்டமில்லை. மர்மத்தை அடுத்த பகுதிக்குத் தூக்கிப் போட்டால் இந்த வசதி போய்விடும்.

சரி, சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தேன். தினமும் சாயங்காலம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து 5 நிமிட நிகழ்ச்சி. முதல் வரி, "இன்னிக்கு எந்தக் காய் ஏறிச்சு?" நல்ல வரி என்று எல்லோரும் சொன்னார்கள், முதல் இரண்டு வாரம் பிரமாதமாகப் போனது. மூன்றாவது வாரம் விலை எதுவும் ஏறவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டோம், பதில் இல்லை. கொத்தமல்லி கட்டுக்கு ஒரு ரூபாய் கூடியதைப் பெரிய செய்தி மாதிரி சொன்னோம். இப்படி நாலு நாள் போனதும் மார்க்கெட் ஆட்களே எங்களை நம்பவில்லை. அப்புறம் வரியை "இன்னிக்கு சாம்பாருக்கு என்ன வாங்கலாம்?" என்று மாற்றினோம். விலை ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு ஒரு பதில் உண்டு. அந்த வரி நான் வேலையை விடும் வரை ஓடியது.

இதனால்தான் முதல் வரியை எடுத்தவுடன் அது காதுக்கு நன்றாக இருக்கிறதா என்று நான் பார்க்க மாட்டேன். ஒரு தாளில் அதை எழுதி, கீழே பத்து இடங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அந்த வரி உண்மையாக நிற்கிறதா என்று பார்ப்பேன். ஆறாவது ஏழாவது இடத்தில் பேனா நின்றால் வரி குறுகலானது. டீக்கடை, தேர்முட்டி, பேருந்து நிலையம் எல்லாவற்றுக்கும் பொருந்தினால் வரி அகலமானது, அதில் உங்கள் தொடரின் அடையாளமே இல்லை. உங்கள் மூன்றாவது வரி குறுகலானது என்பது என் சந்தேகம். பெயர்க்காரணம் நிச்சயமாகத் தெரிந்த ஆறுகள் எத்தனை வைத்திருக்கிறீர்கள்? தெரியாத இடத்தில் யாரோ சொன்ன கதையை உண்மை என்று சொல்ல வேண்டி வரும். முதல் வீடியோ ஓடி மற்ற மூன்றும் ஓடாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ரீல்ஸ் தம்பி, முதல் இரண்டு விநாடி பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் மாற வேண்டியது வரி அல்ல, வரிக்குப் பின்னால் தெரியும் படம். ஒரே வரி, ஒவ்வொரு முறையும் பார்த்திராத ஓர் இடம். லோகோவைப் பார்த்து யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை, காதில் விழுந்த வரிதான் நிற்கும்.

கோரையாற்றங்கரை

ஐயா, பத்து இடம் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரி நாலாவது இடத்திலேயே நின்றுவிட்டது. நீங்கள் சொன்னது போல, முதல் வீடியோவில் மட்டும்தான் எனக்குப் பெயர்க்காரணம் உறுதியாகத் தெரியும். அது புது ஆறு. கல்லணைக் கால்வாய் என்று பலகையில் இருக்கும், தஞ்சாவூரில் யாரைக் கேட்டாலும் புது ஆறு என்பார்கள், மேட்டூர் அணை முடிந்த 1934-ஐ ஒட்டி வெட்டியது, மற்ற ஆறுகளுக்கு முன்னால் அது புதிது. மற்ற மூன்றிலும் "சொல்கிறார்கள்", "இருக்கலாம்" என்று இழுத்திருக்கிறேன்.

இரண்டாவது வரி பத்துக்கும் நிற்கிறது. அதையே எடுத்துக்கொள்ளட்டுமா?

கடைமடை

வேதாரண்யம் பக்கம். இரண்டாவது வரியை எங்கள் ஊரில் நின்று ஏப்ரல் மாதம் சொல்லிப் பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், அதுவும் எல்லா வருஷமும் தேதிப்படி நடப்பதில்லை. மூடிய பிறகு இங்கே வாய்க்காலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். "தண்ணி இன்னிக்கு இங்க நிக்குது" என்ற வரியோடு நாலு மாதம் தொடரை நிறுத்தி வைப்பீர்களா? திறந்த பிறகும் அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகும், முறை வைத்து விட்டால் இன்னும் தாமதம். உங்கள் பத்து இடங்களும் தலைமடைப் பக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோரையாற்றங்கரை

ஆமாம் அண்ணே, பத்தில் எட்டு நீடாமங்கலத்துக்கு மேற்கே. இதை நான் யோசிக்கவே இல்லை.

ஐயாற்றுப் பெண்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வீடியோ எடுப்பது பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் மாறாத அமைப்பு என்றதும் என் தாத்தா நினைவு வந்துவிட்டது. அவர் ஓதுவார். சம்பந்தர் பதிகங்களைச் சொல்லிக்கொடுக்கும்போது, எட்டாவது பாட்டு வருகிறது, யார் வருவார் என்பார், நாங்கள் இராவணன் என்று கத்துவோம். பெரும்பாலான பதிகங்களில் எட்டாவதில் இராவணன், ஒன்பதாவதில் அடிமுடி தேடும் திருமாலும் நான்முகனும், பத்தாவதில் சமணரும் பௌத்தரும், பதினொன்றாவதான திருக்கடைக்காப்பில் பாடியவர் பெயரும் பாடுவதால் வரும் பலனும். எந்த ஊர்ப் பதிகமானாலும் இது பெரிதாக மாறாது.

ஆனால் முதல் ஏழு பாட்டு அந்த ஊருக்கு. அந்த ஊர் ஆறு, சோலை, வயல், குரங்கு, மயில் என்று அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி வரும். அதனால் பதினொன்றில் நாலு கட்டியது, ஏழு கட்டாதது. சின்ன வயதில் எனக்கு இது சலிக்கவே இல்லை, எட்டாவதுக்குக் காத்திருப்பதே ஒரு சந்தோஷம். உங்கள் ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் கட்டியது, எவ்வளவு நேரம் ஊருக்கு என்று முதலில் பிரித்துக்கொண்டால் உதவியாக இருக்குமோ?

பழைய கேமரா, கும்பகோணம்

அம்மா, நான் பத்து பதிவில் சொல்ல நினைத்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். புதிதாகத் தொடர் தொடங்குபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள், எல்லாவற்றையும் கட்டிவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் எடுப்பவருக்கே சலித்துவிடும்.

ஒரு நிமிடத்துக்கு நான் இப்படிப் பிரிப்பேன். முதல் வரி 3 விநாடி. பதில் உடனே வர வேண்டும், 10-வது விநாடிக்குள். அந்த இடம் மேலே எங்கிருந்து பிரிந்து வருகிறது என்று காட்டுவது அடுத்த 10 விநாடி, அதை எப்போதும் ஒரே விதமாகக் காட்டுங்கள். கரை மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினால் போதும், மேப் வேண்டாம், கைபேசியில் மேப் தெரியவே தெரியாது. அதன் பிறகு 30 விநாடி ஊருக்கு, அதில் எந்த விதியும் வைக்காதீர்கள். கடைசி 6, 7 விநாடி தண்ணீர் போகும் திசையைப் பார்த்து முடியட்டும்.

வரியைப் பற்றி. கடைமடை அண்ணன் சொன்னதை வைத்துப் பார்த்தால், வரி தண்ணீர் இருக்கிறது என்று அடித்துச் சொல்லக் கூடாது. காரணத்தையும் கேட்கக் கூடாது. உங்கள் தொடர் பெயரைப் பற்றியது. பெயரை மட்டும் கேளுங்களேன், அதையும் நீங்கள் சொல்லாமல் அந்த ஊர்க்காரரைக் கேளுங்கள். "இங்க வர்ற தண்ணிக்கு என்ன பேர்?" ஐந்தே சொல். ஊர்க்காரர் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். வாய்க்கால் காய்ந்து கிடந்தாலும் கேட்கலாம், மணலைக் காட்டிக்கொண்டு "இங்க வர்ற தண்ணிக்கு" என்று கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

கோரையாற்றங்கரை

இது நான் எழுதிய மூன்றையும்விடப் பொருந்துகிறது. காவிரித் தண்ணீர் ஒன்றுதான், ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது, நான் சொல்ல நினைத்ததே அதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ரீல்ஸ் தஞ்சை

வரி நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு முறை நல்ல மைக்கில் பதிவு செய்து அதே ஒலியை எல்லா வீடியோவிலும் ஒட்டுங்கள். அப்போதுதான் அடையாளம் நிற்கும். "பகுதி 5" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய கேமரா, கும்பகோணம்

எண்ணைத் தலைப்பில் மட்டும் போடுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். பகுதி 5 என்று காதில் விழுந்தால் முதல் நாலைப் பார்க்கவில்லையே என்று புதிதாக வந்தவர் நகர்ந்துவிடுவார்.

ஒலியை ஒட்டுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அந்தந்த இடத்தில் நின்று கேட்டால் காற்று, மதகுச் சத்தம், கரையில் போகிற டிராக்டர் எல்லாம் சேர்ந்து வரும். சொல் மாறக் கூடாது, குரல் மாறலாம்.

ரீல்ஸ் தஞ்சை

என் அனுபவம் வேறு ஐயா. நான் செய்யும் பைக் தொடரில் ஒட்டிய ஒலிதான், அதைக் கேட்டாலே என் வீடியோ என்று சொல்கிறார்கள்.

கோரையாற்றங்கரை

நேற்று மூணாறு தலைப்புக்குப் போய் எடுத்தேன். நீடாமங்கலம் பக்கத்தில் இருப்பது, வெண்ணாறு வந்து பிரியும் இடம். பாலத்தில் நின்று, மதகைப் பார்க்கும் லஸ்கர் ஒருவரிடம் கேட்டேன். "இங்க வர்ற தண்ணிக்கு என்ன பேர்?" அவர் "வர்றது வெண்ணாறு. போறது வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு" என்று சொல்லிவிட்டு, எதற்கு எந்தச் சட்ரஸ், எந்த ஊருக்கு எது போகிறது என்று அன்பாக எல்லாவற்றையும் விளக்கினார். ஒரு நிமிடத்துக்கு வந்தது ஒன்று நாற்பது. வெட்டினால் அவர் சொன்னது துண்டு துண்டாகிறது. மண்ணில் கோடு போடவும் அங்கே மண்ணே இல்லை, எல்லாம் சிமென்ட். அமைப்பு முதல் நாளே உடைந்துவிட்டது.

3 நிமிடம் அனுமதி இருப்பதால் அப்படியே போட்டுவிடலாமா?

பழைய கேமரா, கும்பகோணம்

போட வேண்டாம். அமைப்பு உடையவில்லை, நீங்கள் நின்ற இடம்தான் தப்பு. உங்கள் வரி ஒரு பெயரைக் கேட்கிறது, நீங்கள் மூன்று பெயர் இருக்கும் இடத்தில் நின்று கேட்டிருக்கிறீர்கள். தலைப்பில் நிற்காதீர்கள். பிரிந்த பிறகு ஒரு கிளையின் கரையில் ஐம்பது அடி கீழே இறங்குங்கள். அங்கே வருவதற்கு ஒரே பெயர்தான், மண்ணும் இருக்கும். கோரையாற்றங்கரையில் நின்று கேளுங்கள், பதில் கோரையாறு. அப்புறம் குச்சியால் ஒரு கோடு வெண்ணாறு, அதிலிருந்து மூன்று கோடு, மூன்றில் நடுவில் ஒன்றைக் கால் விரலால் தொட்டு "இது" என்றால் முடிந்தது. லஸ்கர் சொன்ன சட்ரஸ் விஷயம் அந்த 30 விநாடிக்குள் வரட்டும், அதிலும் கோரையாற்றுச் சட்ரஸ் மட்டும். மற்ற இரண்டு கிளைகளுக்கு இரண்டு வீடியோ மிச்சம்.

ஒரு வாரம் ஓர் இடம் அமைப்புக்கு அடங்கவில்லையென்றால் முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள், அமைப்பைத் தொடாதீர்கள். மூன்று வாரம் தொடர்ந்து அடங்கவில்லையென்றால்தான் அமைப்பில் கோளாறு.

கடைமடை

மூன்று கோடு என்று வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். கோடு போட்டால் எல்லாமே பாசன ஆறு மாதிரி தெரியும். கீழே வர வர மேலே உள்ளவனுக்கு வடிகால் எதுவோ அதுவே எங்களுக்குப் பாசனம். அதைக் கோட்டில் எப்படிக் காட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் காட்டாமல் விட்டால் எங்கள் பக்கம் வரும்போது படம் பொய்யாகிவிடும்.

கோரையாற்றங்கரை

புதிய அமைப்பில் மூன்று போட்டுவிட்டேன். கோரையாறு, பாமணியாறு, அப்புறம் திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து பிரியும் குடமுருட்டி. வடிகால் விஷயத்துக்கு இப்போதைக்கு விட்டு விட்டுப் புள்ளியாகக் கோடு போடலாம் என்று நினைக்கிறேன், இன்னும் செய்து பார்க்கவில்லை.

எந்த விநாடியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று யூடியூப் ஸ்டுடியோ காட்டும் வரைபடத்தை, மூன்றுக்கும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்றாவது விநாடிச் சரிவு குறைந்திருக்கிறது. ஆனால் மூன்றிலும் 12-லிருந்து 20 வரை ஒரு பள்ளம். பாமணியாறில் மட்டும் 40-வது விநாடியில் இன்னொன்று.

பழைய கேமரா, கும்பகோணம்

மாறாத அமைப்பால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான், இதைப் பார்க்கத்தான் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. மூன்றிலும் ஒரே விநாடியில் பள்ளம் என்றால் கோளாறு அமைப்பில். அது உங்கள் குச்சிக் கோடு. ஒன்றில் மட்டும் பள்ளம் என்றால் அந்த வீடியோவில் மட்டும் ஏதோ சரியில்லை. ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொரு மாதிரி இருந்திருந்தால் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்க முடியாது.

பாமணியாறைப் பார்த்தேன். 40-வது விநாடியில் நீங்களே பேச ஆரம்பித்துவிட்டீர்கள், அதுவரை ஊர்க்காரர் பேசினார். அவ்வளவுதான், அதை விட்டுவிடுங்கள்.

கோட்டைப் பற்றி: 10 விநாடியும் மண்ணைத்தான் காட்டுகிறீர்கள், பேசுபவர் முகம் போய்விடுகிறது. 6 விநாடியாகக் குறைத்து, அந்த ஊர்க்காரர் கையிலேயே குச்சியைக் கொடுங்கள். மற்ற எதையும் மாற்றாதீர்கள். அடுத்த மூன்று வீடியோவில் இது ஒன்று மட்டும் மாறட்டும். வரியையும் கோட்டையும் முடிவையும் ஒரே நேரத்தில் மாற்றினால், பள்ளம் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஐயாற்றுப் பெண்

குடமுருட்டி வீடியோவில் அந்தப் பாட்டி பெயர் சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்களே, அதை மறக்க முடியவில்லை. அது அந்த 30 விநாடிக்குள் தானாக வந்ததுதானே? கீழே கருத்துகளில் ஒருவர் "எங்க ஊர்ல இங்க வர்ற தண்ணிக்கு அரசலாறுன்னு பேர்" என்று எழுதியிருக்கிறார். வரி உங்களிடமிருந்து அவரிடம் போய்விட்டது.

கோரையாற்றங்கரை

ஆமாம், அந்தக் கும்பிடு நான் கேட்காமல் வந்தது. குச்சியை ஊர்க்காரரிடம் கொடுத்து நேற்று ஒன்று எடுத்தேன். அவர் கோட்டை நேராகப் போடவில்லை, தன் வயல் இருக்கும் பக்கம் பெரிதாக வளைத்துப் போட்டார். திருத்தச் சொல்லவில்லை.

ஒரு சிக்கல். ஒரு சின்ன வாய்க்காலுக்கு வடகரையில் ஒரு பெயர், தென்கரையில் ஒரு பெயர், பலகையில் மூன்றாவது பெயர். வரி ஒரு பெயரைக் கேட்கிறது. யார் பெயரை வைப்பது?

பழைய கேமரா, கும்பகோணம்

எந்தக் கரையில் நிற்கிறீர்களோ அந்தக் கரையின் பெயர். எதிர்க்கரைக்கு இன்னொரு வீடியோ எடுங்கள்.

ரீல்ஸ் தஞ்சை

இரண்டையும் ஒரே வீடியோவில் எதிரெதிராக வையுங்கள், கருத்துகளில் பெரிய விவாதமே நடக்கும்.

கடைமடை

விவாதம் வரும், ஆனால் ஊருக்குள் ஏற்கெனவே தண்ணீருக்கு முறை வைப்பதில் மனத்தாங்கல் இருக்கும் இடமாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். தனித்தனியாக எடுப்பதே நல்லது.

இன்னொன்று. எங்கள் ஊரில் ஒரு கிளை வாய்க்கால் இருக்கிறது, தூர்ந்துபோய் அதில் தண்ணீர் வந்து நாலைந்து வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் எங்கள் அப்பா தலைமுறைக்குத் தெரியும். அங்கே நின்று "இங்க வர்ற தண்ணிக்கு என்ன பேர்?" என்று கேட்பீர்களா, இல்லை வரியை மாற்றுவீர்களா?

கோரையாற்றங்கரை

மாற்ற மாட்டேன் அண்ணே. அப்படியே கேட்கிறேன். அப்பா என்ன சொல்கிறாரோ அதுதான் பதில்.

கடைமடை

சரி, வாருங்கள். காலை எட்டு மணிக்குள் வந்தால் நல்லது, அப்புறம் வெயில் தாங்காது. கரையில் கருவை மண்டிக் கிடக்கிறது, வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். அப்பாவை அழைத்துவருகிறேன். குச்சி அங்கேயே ஒடித்துக்கொள்ளலாம்.